பச்சை விளக்கை நம்பாதீர்கள், பதிவுகளை எண்ணுங்கள்

நாற்பது கிளைகள் கொண்ட ஒரு மளிகைக் கடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகல் முழுக்கக் கிளைகளில் பில் போடுகிறார்கள். கடை சாத்தியதும் ஒவ்வொரு கிளையின் கணினியும் அன்றைய பில்களை ஒரு கோப்பாக்கி அனுப்பிவிடும். இரவு இரண்டு மணி வாக்கில் தலைமை அலுவலகத்தில் ஒரு புரோகிராம் தானாக ஓடி, வந்திருக்கும் கோப்புகளையெல்லாம் படித்து ஒரே டேபிளில் சேர்க்கும். கணினித் துறையில் இதை 'நைட் லோடு' என்பார்கள். காலையில் வரும் விற்பனை அறிக்கையும், எந்தக் கிளைக்கு எத்தனை மூட்டை அரிசி அனுப்புவது என்ற கணக்கும் இந்த டேபிளிலிருந்துதான் பிறக்கின்றன. வங்கி, காப்பீட்டு நிறுவனம், தொலைபேசி நிறுவனம், மருத்துவப் பரிசோதனைக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் ராத்திரியில் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

காலையில் வரும் ஊழியர் முதலில் பார்ப்பது, திரையில் பச்சை நிறத்தில் இருக்கும் 'சக்சஸ்' என்ற சொல்லை. புரோகிராம் நடுவில் நின்றுவிடாமல் ஓடி முடிந்தது என்பதைத் தவிர அந்தச் சொல் வேறெதையும் சொல்வதில்லை. நான்கு கிளைகளின் கோப்பு வரவில்லையா? மீதி 36 கோப்புகளை ஒழுங்காகச் சேர்த்துவிட்டுப் பச்சை காட்டும். தலைப்பு மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பு வந்ததா? பூஜ்யம் பதிவுகளைச் சேர்த்துவிட்டுப் பச்சை காட்டும். ஒரே கோப்பு இரண்டு தடவை வந்தால் இரண்டு தடவையும் சேர்த்துவிட்டு அப்போதும் பச்சைதான். தவறு வெளியே தெரிவது நான்கு நாள் கழித்து, ஒரு கிளையில் அரிசி தீர்ந்துபோய் வாடிக்கையாளர் திரும்பிப் போகும்போது.

இதை அன்றைய இரவே பிடிப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. லோடு முடிந்ததும் எத்தனை பதிவுகள் சேர்ந்தன என்று எண்ண வேண்டும். அண்மை நாட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பொறுப்பாளருக்குத் தகவல் போக வேண்டும். கேட்பதற்கு இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே பலரும் இதை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டு மறந்துபோகிறார்கள். எதை எண்ணுவது, எந்த நாளோடு ஒப்பிடுவது, எவ்வளவு வித்தியாசம் பெரிது என்ற மூன்று கேள்விகளுக்கும் யோசித்துப் பதில் சொல்லாவிட்டால், அந்தச் சோதனை இருந்தும் இல்லாதது போலத்தான்.

எண்ணுவதிலேயே ஒரு பொறி இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களில் எந்த நாளில் எத்தனை பதிவுகள் என்று டேட்டாபேஸைக் கேட்கப் பெரும்பாலானோர் எழுதுவது இதுதான்:

```sql
SELECT load_date, COUNT(*) AS row_count
FROM   store_bills
WHERE  load_date >= CURRENT_DATE - 28
GROUP  BY load_date
ORDER  BY load_date;
```

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓர் எண் வரும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் நேற்று ஒரு பதிவுகூட வரவில்லை என்றால் நேற்றைய தேதிக்கு எதிரே பூஜ்யம் வராது; அந்தத் தேதியே பட்டியலில் இருக்காது. டேபிளில் இல்லாத ஒரு தேதியை எப்படிக் கணக்கில் எடுக்கும்? பட்டியலில் இருக்கும் எண்களை மட்டும் பரிசோதிக்கும் புரோகிராமுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆக, மொத்தமாகக் கவிழ்ந்துபோன இரவை இந்தச் சோதனை கண்டுகொள்ளாது. அதனால் அனுபவசாலிகள் நாட்காட்டிக்கென்று தனியாக ஒரு டேபிள் வைத்து, ஒவ்வொரு தேதியாக எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பதிவு என்று தேடுவார்கள். அல்லது லோடு புரோகிராமே முடிகிற நேரத்தில் 'இன்று இத்தனை சேர்த்தேன்' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும்படி செய்வார்கள். அப்போதுதான் பூஜ்யமும் ஓர் எண்ணாகக் கண்ணில் படும்.

அடுத்தது, எந்த நாளோடு ஒப்பிடுவது? நேற்றோடு ஒப்பிட்டால் வாரம் தவறாமல் பொய் எச்சரிக்கை வரும். மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் திங்கட்கிழமை இருக்காது. வங்கியில் ஞாயிறு காற்று வாங்கும், திங்கள் நிரம்பி வழியும். வியாழக்கிழமையை வியாழக்கிழமைகளோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அப்படி எட்டு வியாழன்களின் எண்ணிக்கையை எடுத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்: 41,200, 40,600, 42,100, 39,800, 41,500, 6,300, 40,900, 41,700. நடுவில் இருக்கும் 6,300, லோடு பாதியில் கோளாறானபோது யாரும் திருத்தாமல் விட்ட நாள். உண்மையான டேபிள்களில் இப்படி ஒரு நாளாவது இல்லாமல் இருக்காது.

பள்ளிப் புள்ளியியல் படித்தவர்கள் உடனே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுப்பார்கள். சராசரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று திட்ட விலக்கம் வரை இயல்பு, அதைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது பழகிய விதி. இந்த எட்டு எண்களின் சராசரி 36,762. திட்ட விலக்கம் 12,329. அதன் மூன்று மடங்கு 36,987. சராசரியிலிருந்து அதைக் கழித்தால் கீழ் எல்லை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. இன்றிரவு ஒரு பதிவுகூட வராவிட்டாலும் இந்த விதிப்படி அது இயல்பான இரவு! பழைய கோளாறு ஒன்று சராசரியைக் கீழே இழுத்து, விலக்கத்தையும் ஊதிப் பெருக்கி, அடுத்து வரும் எந்தக் கோளாறும் மாட்டிக்கொள்ளாதபடி செய்துவிட்டது. சோதனை ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் எச்சரிக்கையே வராது. 'எங்களிடம் சோதனை இருக்கிறது' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சராசரிக்குப் பதில் இடைநிலையை எடுத்தால் நிலைமை மாறுகிறது. எட்டு எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வருபவை 40,900, 41,200. இரண்டுக்கும் நடுப்புள்ளி 41,050. அதுதான் இடைநிலை. 6,300 வரிசையின் ஒரு மூலையில் கிடப்பதால் நடுவை அசைக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொரு வியாழனும் அந்த 41,050இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களுக்கும் இடைநிலை எடுத்தால் 550 வருகிறது. வழக்கமாக எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதற்கு இது நேர்மையான அளவு. இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 2,750 வரை பொறுத்துக்கொள்வோம் என்று வைத்தால் எல்லைகள் 38,300, 43,800 என்று அமைகின்றன. ஐந்து என்பது வேதவாக்கு இல்லை. சில வாரங்கள் ஓடவிட்டு, எத்தனை பொய் எச்சரிக்கை வருகிறது என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

அன்றிரவு 36,900 பதிவுகள் வருகின்றன. சராசரிக் கணக்கு மூச்சு விடாது. இடைநிலைக் கணக்கு பொறுப்பாளரின் கைபேசிக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பும்:

```
WARN store_bills: rows=36,900 expected=38,300-43,800
     stores loaded: 36 of 40
```

இந்தச் செய்தியின் இரண்டாவது வரியை நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னால், தூக்கத்திலிருந்து எழுந்தவர் எங்கே போய்த் தேடுவார்? நான்கு கிளைகள் வரவில்லை என்று சேர்த்துச் சொன்னால் அவருடைய வேலை பாதி முடிந்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிளையின் கோப்பு வராமல், இன்னொரு கிளையின் கோப்பு இரண்டு தடவை வந்த இரவில் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கிளைவாரியாக எண்ணினால்தான் இரண்டு தவறும் தனித்தனியாகத் தெரியும்.

இந்த முறையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிடிபடாத ஒரு வகைக் கோளாறு இருக்கிறது. அதற்கு உலகம் அறிந்த உதாரணம் 2020இல் இங்கிலாந்தில் நடந்தது.

கொரோனா இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். தனியார் பரிசோதனைக்கூடங்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, சிஎஸ்வி வடிவத்தில் அனுப்பின. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அவற்றைத் தானியங்கி முறையில் எக்செல் கோப்புகளாக மாற்றி மைய அமைப்பில் ஏற்றியது. மாற்றியது எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. 2007இல் வந்த புதிய வடிவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் இடமுண்டு. ஒரு நோயாளியின் முடிவுக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். தொற்று குறைவாக இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. செப்டம்பர் கடைசியில் எண்ணிக்கை ஏறியதும் கோப்புகள் நிரம்பின. மரக்காலுக்கு மேல் நெல் கொட்டினால் தரையில் சிந்துவதாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லைக்கு மேல் வந்த பெயர்கள் எங்கும் சிந்தாமல் காணாமல் போயின.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை அப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர். கடைசி நான்கு நாட்களைப் பாருங்கள். செப்டம்பர் 29 முதல் பிரிட்டன் முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட அன்றாடத் தொற்று 7,143, 7,108, 6,914, 6,968. இந்த எண்களை அண்மை நாட்களோடு ஒப்பிடும் எந்தச் சோதனையிடம் கொடுத்தாலும், இவ்வளவு சீரான லோடு வேறில்லை என்றுதான் சொல்லும். அதே நான்கு நாட்களில் விடுபட்டவர்கள் 1,415, 3,049, 4,133, 4,786. இரண்டையும் கூட்டினால் உண்மை தெரிகிறது: 8,558; 10,157; 11,047; 11,754. நோய் நான்கே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது டேபிள் சமதரையாகக் கிடந்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. கோப்புகள் சரியாக வந்திருந்தால், அந்த ஏற்றத்தைப் பார்த்து எண்ணிக்கைச் சோதனை மணி அடித்திருக்கக்கூடும். பிழையான லோடு வந்ததால் அமைதியாக இருந்திருக்கும். அண்மைக்காலத்தை அளவுகோலாக வைத்த எந்தச் சோதனைக்கும் இது பிறவிக் குறை. நேற்றைப்போல் இன்று இருக்கிறதா என்று மட்டுமே அதற்குக் கேட்கத் தெரியும். இன்று எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை இரவு தவறு கண்டுபிடிக்கப்பட்டது. விடுபட்டவர்களைச் சேர்த்து அறிவித்ததால் 3ஆம் தேதி 12,872, 4ஆம் தேதி 22,961 என்று எண்கள் எகிறின. எண்ணிக்கைச் சோதனை எதுவும் கூச்சலிட்டிருக்க வேண்டிய நாட்கள் அவைதான். ஆனால் அவை திருத்தம் நடந்த நாட்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் முடிவு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் குழுவுக்குத்தான் அந்தப் பெயர்கள் போகவில்லை. தொற்றைப் பொறுத்தவரை ஒரு வாரத் தாமதம் சின்ன விஷயமில்லை. விடுபட்டவர்கள் அதிகம் இருந்த பகுதிகளில் பிறகு தொற்றும் மரணமும் கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டு 2021இல் வெளியிட்டார்கள்.

அந்த வாரத்தில் இதைப் பிடித்திருக்கக்கூடிய சோதனை எது? அனுப்பியவரின் எண்ணிக்கையையும் சேர்ந்த எண்ணிக்கையையும் ஒட்டிப் பார்ப்பது. பரிசோதனைக்கூடத்தின் சிஎஸ்வி கோப்பில் இத்தனை வரிகள், மைய அமைப்பில் ஏறியது இத்தனை என்று லோடு முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், முதல் நாள் விடுபட்ட 957 பேரும் அன்றே தெரிந்திருப்பார்கள். இது புதுமையும் இல்லை. வங்கிகள் பரிமாறிக்கொள்ளும் பணப் பரிவர்த்தனைக் கோப்புகளில், உள்ளே எத்தனை பதிவுகள், மொத்தத் தொகை எவ்வளவு என்பதைக் கோப்பிலேயே எழுதி அனுப்பும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பெறுகிறவர் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே சராசரியும் வேண்டாம், இடைநிலையும் வேண்டாம். கணக்கு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

கோப்புவாரியாக எண்ணியிருந்தாலும் இன்னொரு தடயம் கிடைத்திருக்கும். இயற்கையாக வரும் எண்ணிக்கை தினமும் கொஞ்சம் ஆடும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் அது 65,536 ஆகவோ சரியாக 1,000 அல்லது 10,000 ஆகவோ இருந்தால், எங்கேயோ ஒரு வரம்பில் தலைதட்டுகிறது என்று பொருள். கணினித் துறைக்காரர் யாரும் 65,536ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். அது இரண்டின் 16ஆம் அடுக்கு. ஆகவே எண்ணிக்கை அதிகமாக மாறினால் மட்டுமின்றி, துளியும் மாறாமல் நின்றாலும் எச்சரிக்க வேண்டும் என்பது என் கட்சி. இப்படி ஒரு நிபந்தனை எழுதப் பத்து நிமிடம் போதும்.

அப்படியானால் அண்மை நாட்களோடு ஒப்பிடுவது வீண் வேலையா என்று கேட்கலாம். வீண் இல்லை. அனுப்புகிறவர் எண்ணிக்கை சொல்லாத இடங்கள்தான் அதிகம். கிளையின் கணினியே பழுதாகிப் பாதி பில்களை மட்டும் கோப்பாக்கியிருந்தால், அனுப்பியதும் பெற்றதும் ஒத்துப்போகும், ஆனாலும் தவறு. அதைப் பழைய நாட்களோடு ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். இரண்டு சோதனைகளும் இரண்டு வேறு கோளாறுகளுக்கானவை.

ஒப்பிடும் சோதனையை வைத்துக் காப்பாற்றுவதில்தான் சிரமம். தீபாவளிக்கு முந்தைய வாரம் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஆங்கிலத் தேதிப்படி அது ஆண்டுக்காண்டு நகர்வதால், சென்ற ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிட்டும் பயனில்லை. பண்டிகை நாட்களைத் தனியாகக் குறித்துவைத்து அவற்றுக்கு வேறு எல்லை வைக்க வேண்டும். பத்துப் புதுக் கிளைகள் திறந்தால் அன்று முதல் தினமும் எச்சரிக்கை வரும். எட்டு வாரங்களின் இடைநிலையை எடுக்கிறோம் என்றால் புதிய நிலைமை பாதிக்கும் மேல் வாரங்களை நிறைக்கும்வரை, ஏறத்தாழ ஐந்து வாரம், இந்தத் தொல்லை ஓயாது. 'இதுதான் இனி இயல்பு' என்று ஒருவர் பொத்தானை அழுத்திப் பழைய வரலாற்றை அங்கேயே வெட்டிவிட வழி இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் ஊழியர்கள் செய்வது எனக்குத் தெரியும்: எச்சரிக்கை வரும் குழுவை மியூட் செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்து ராத்திரி காரணமில்லாமல் எழுப்பினால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

எச்சரிக்கை வந்ததும் லோடை நிறுத்துவதா, செய்தி மட்டும் அனுப்பிவிட்டுத் தொடர்வதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு விவாதிக்கும் விஷயமில்லை அது. எண்ணிக்கை பத்து சதவீதம் குறைந்தால் அறிக்கையை அனுப்பி, மேலே 'நான்கு கிளைகள் சேரவில்லை' என்று அச்சிடலாம். பாதிக்கும் கீழே போனாலோ இரட்டிப்பானாலோ புதிய பதிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு நேற்றைய அறிக்கையையே நேற்றைய தேதியோடு காட்டுவது மேல். பழைய உண்மையை வைத்து அரிசி அனுப்பினால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். பாதிப் பதிவுகளை வைத்து அனுப்பினால் கிளைகள் காலியாகும்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு நைட் லோடு கண்டிப்பாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அனுப்புகிறவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பதிவுகள் அனுப்பினோம் என்று சொல்கிறார்களா, அதை யாராவது ஒத்துப் பார்க்கிறார்களா? இல்லை என்று பதில் வந்தால், அனுப்புகிறவர்களுக்கு இன்றே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கோப்பின் கடைசி வரியில் ஓர் எண் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.